92 பேர் கேட்டார்கள், 39 கிலோ மிஞ்சியது: ஒரு தீபாவளிப் பலகாரக் கணக்கு

திருச்சி உறையூரில் என் அக்கா வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறாள். கைமுறுக்கு, ரிப்பன் பகோடா, அதிரசம், இந்த மூன்றும்தான். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருக்கிறாள், 2,300 பேர் பின்தொடர்கிறார்கள். கணக்கு எழுதுவது என் வேலை. 2024 தீபாவளிக்கு அவள் முன்பதிவு எடுத்தே செய்தாள், ஆனாலும் சரக்கு தேங்கியது. 2025-இலும் முன்பதிவு எடுத்தாள், தேங்கவில்லை. இரண்டு வருடத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அந்த மாதத் தொடக்கத்தில் அக்கா ஒரு படம் போட்டு, "தீபாவளிப் பலகாரம் வேண்டுவோர் கமெண்டில் சொல்லவும்" என்று எழுதினாள். கமெண்டும் மெசேஜும் குவிந்தன. "அக்கா எனக்கு ஒரு கிலோ முறுக்கு", "எனக்கு ரெண்டு, அம்மா வீட்டுக்கு ஒண்ணு" என்று வந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். 92 பெயர், 110 கிலோ. கடைசி நேரத்தில் யாராவது கேட்பார்கள் என்று 120 கிலோவாகவே செய்தாள்.

வாங்கியது 68 பேர், போனது 81 கிலோ. மிஞ்சிய 39 கிலோவில் முறுக்கு 17, அதிரசம் 12, ரிப்பன் 10. அரிசி, எண்ணெய், கேஸ், அட்டைப்பெட்டி, உதவிக்கு வந்தவருக்குக் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 260 ரூபாய் அடக்கம் ஆகியிருந்தது. சராசரியாக 480-க்கு விற்றாள். வரவு 38,880, செலவு 31,200, கையில் நின்றது 7,680. மூன்று வார உழைப்புக்கு அவ்வளவுதான். விற்ற 81 கிலோவை மட்டும் செய்திருந்தால் இன்னும் 10,140 ரூபாய் நின்றிருக்கும். அது முழுக்க மிஞ்சிய பலகாரத்தில் போன பணம். முறுக்கு மூன்று வாரம் தாங்கும், அப்புறம் பழைய எண்ணெய் வாடை வந்துவிடும். அதிரசம் அவ்வளவு நாள்கூடத் தாங்காது. தெரு முழுக்கக் கொடுத்துத் தீர்த்தோம்.

வாங்காமல் போனவர்களை அக்கா திட்டித் தீர்த்தாள். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். சிலருக்கு ஆபீஸிலேயே ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டார்கள். சிலர் இரண்டு நாள் முன்னாடியே ஊருக்குப் போய்விட்டார்கள். நிறையப் பேர் நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. மாத ஆரம்பத்தில் "எனக்கு ஒரு கிலோ" என்று எழுதும்போது அவர்களுக்கு உண்மையாகவே ஒரு கிலோ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதை நாங்கள் ஆர்டர் என்று எண்ணிக்கொண்டோம். தப்பு எங்களுடையது.

எவ்வளவு செய்யலாம் என்பதை யார் சொல்வது

2025-க்கு முதலில் உட்கார்ந்து யோசித்தது விலையைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. கைமுறுக்கை அச்சில் பிழிய முடியாது. மாவை விரலிடையில் முறுக்கி முறுக்கி ஐந்து சுற்று சுற்ற வேண்டும். அக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும்தான் அந்தக் கை வரும். ஒருவர் மணிக்கு சுமார் 50 முறுக்கு சுற்றுவார். நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக்கட்டு வலி எடுத்து, சுற்று தடித்துப் போகும். தடித்த இடம் உள்ளே வேகாமல் மெதுக்கென்று இருக்கும். ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 முறுக்கு. எங்கள் அளவில் 40 முறுக்கு ஒரு கிலோ. நாளொன்றுக்குப் பத்துக் கிலோ, அதற்கு மேல் கிடையாது.

அடுப்பு, வாணலி, அரிசி எதை வேண்டுமானாலும் கூட்டலாம். இந்த நான்கு கைகளைக் கூட்ட முடியாது. எத்தனை ஆர்டர் எடுக்கலாம் என்று பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, எந்த வேலை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறதோ அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 2024-இல் அக்கா இதை யோசிக்கவே இல்லை. கடைசி நாலு நாள் ராத்திரி பகலாகச் சுற்றினாள். மிஞ்சிய 17 கிலோ முறுக்கில் பாதி அந்தத் தடித்த சுற்றுதான்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. இரண்டு தவணையாகப் பிரித்தோம். சென்னை, கோவைக்கெல்லாம் கூரியரில் போக வேண்டியவை முதல் தவணையில். அக்டோபர் 9, 10, 11 சுட்டு, 13-ஆம் தேதி திங்கட்கிழமை அனுப்புவது. இரண்டாவது தவணை உள்ளூர்க்காரர்களுக்கு. 14, 15, 16 சுட்டு, 17, 18 இரண்டு நாளும் வீட்டிலேயே வந்து வாங்கிக்கொள்வது. மூன்று நாளுக்கு 30 கிலோ என்று தவணைக்கு 30 கிலோ முறுக்கு.

"எனக்கு முக்கால் கிலோ முறுக்கு, கால் கிலோ ரிப்பன்" என்று ஆளுக்கொரு கணக்கில் கேட்பதை விட்டுவிட்டோம். ஒரே பெட்டி: அரைக் கிலோ முறுக்கு, அரைக் கிலோ ரிப்பன். ரிப்பனை அச்சில் பிழிந்துவிடலாம், அதற்குக் கைவலி இல்லை. இப்படி வைத்ததில் 30 கிலோ முறுக்கு 60 பெட்டியாகும். ஆனால் 55 என்றுதான் அறிவித்தோம். உடைசல், கருகல், கூரியரில் நொறுங்குவது எல்லாவற்றுக்கும் அந்த ஐந்துதான் இடம். அதிரசம் மட்டும் தனி. இரண்டாவது தவணையில், உள்ளூருக்கு மட்டும், அரைக் கிலோவாக 18 பாக்கெட்.

300 ரூபாய் எங்கிருந்து வந்தது

முன்பணம் வாங்க அக்காவுக்குக் கூச்சம். "தெரிஞ்சவங்ககிட்ட எப்படிடா காசு முதல்ல கேக்கிறது?" என்றாள். நான் பாதி வாங்கலாம் என்றேன். பாதி என்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை, எல்லோரும் பாதி வாங்குகிறார்கள் என்பதுதான். அப்புறம் கணக்கைப் பார்த்தோம். 2025-இல் பெட்டிக்கு அடக்கம் 280 ஆகிவிட்டது. விற்கும் விலை 540. முன்பணமாக 300 வாங்கினால், ஒருவர் வராமலே போனாலும் பெட்டி செய்த காசு வந்துவிடும். நஷ்டம் என்று எதுவும் இருக்காது, லாபம் மட்டும்தான் போகும். ஆகவே உள்ளூருக்கு 300, மீதி 240 வாங்கும்போது. கூரியருக்கு முழுப் பணமும் கூரியர் செலவும் முதலிலேயே.

அடக்கத்துக்குக் கீழே முன்பணம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நூறு ரூபாய் டோக்கன் என்பார்கள். நூறு ரூபாயை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு கஷ்டமாக இருக்காது, ஆனால் செய்தவருக்கு அந்தப் பெட்டியில் 180 ரூபாய் போயிருக்கும்.

அடுத்தது, எந்தத் தேதியில் கதவை மூடுவது. இதை அரிசி வாங்கும் நாளை வைத்து முடிவு செய்தோம். முறுக்குக்குப் பச்சரிசியைக் கழுவி ஊற வைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி மில்லில் கொடுக்க வேண்டும், அதற்கே இரண்டு நாள் ஆகும். 9-ஆம் தேதி அடுப்பு மூட்ட வேண்டுமென்றால் 6-ஆம் தேதி காலை காந்தி மார்க்கெட்டில் இருக்க வேண்டும். ஆகவே முதல் தவணை 5-ஆம் தேதி ஞாயிறு இரவோடு முடிந்தது. இரண்டாவது 10-ஆம் தேதி வெள்ளியோடு. எத்தனை பெட்டி என்று தெரிந்த பிறகுதான் அரிசி வாங்குவது. மூடும் தேதி அரிசி வாங்கிய பிறகு வந்தால், அது முன்பதிவே இல்லை. சரக்கை வாங்கிவிட்டு ஆளைத் தேடுவதுதான் அது.

திறந்தது செப்டம்பர் 28, ஞாயிறு. மூடுவதற்குள் சம்பளம் வரும் ஒன்றாம் தேதி வந்துவிட வேண்டும் என்பது 2024-இல் கற்றது.

அறிவிப்பை அக்காவே எழுதினாள்:

"தீபாவளிப் பெட்டி. கைமுறுக்கு அரைக் கிலோ, ரிப்பன் அரைக் கிலோ, விலை 540. முதல் தவணை 55 பெட்டி, வெளியூருக்கும் அனுப்புவோம், அக்டோபர் 5 இரவு வரை. இரண்டாவது தவணை 55 பெட்டி, உறையூரில் வந்து வாங்குபவர்களுக்கு, அக்டோபர் 10 இரவு வரை. கீழே உள்ள வாட்ஸ்அப் எண்ணுக்கு மட்டும் எழுதுங்கள். பணம் வந்ததும் ஒரு எண் தருவோம். எண் இருந்தால்தான் ஆர்டர். மூடும் தேதிக்குப் பிறகு முன்பணம் திரும்பக் கிடைக்காது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்பப்படும்."

கடைசி வரி பலருக்கு வருத்தம். பெங்களூரிலிருந்தே ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். இப்படிப்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு விற்க வேண்டுமென்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அக்காவிடம் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இருக்கிறது, பெட்டியில் அந்த எண்ணும் செய்த தேதியும் அச்சாகியிருக்கும், ஆனால் ஜிஎஸ்டி பதிவு இல்லை. அந்தச் சில பெட்டிகளுக்காக தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யும் வேலையை இழுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டோம்.

எண் இருந்தால்தான் ஆர்டர்

முதல் மூன்று நாளில் நோட்டில் 19 ஆர்டர் இருந்தது. வங்கிக் கணக்கில் 17 பேரின் பணம்தான் இருந்தது. தேடிப் பார்த்ததில் ஒருவர் இன்ஸ்டாகிராமில் மெசேஜ் அனுப்பிவிட்டு அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார், அக்கா இரண்டையும் எழுதிவிட்டாள். இன்னொருவர் பணம் அனுப்பியதற்கு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். உற்றுப் பார்த்தால் அது முடிந்த பரிவர்த்தனை அல்ல, நிலுவையில் நின்றது. அவருக்கே தெரியாது, பாவம். மறுபடி அனுப்பினார்.

அன்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டைப் பார்ப்பதை நிறுத்தினோம். வங்கிக் கணக்கில் பணம் வந்ததா என்று மட்டும் பார்ப்பது, யுபிஐ பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க எண்ணை நோட்டில் எழுதுவது, அப்புறம்தான் ஆர்டர் எண் தருவது. வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்கெனவே இருக்கும் லேபிள்களே போதுமானதாக இருந்தன. எழுதிக் கேட்டவருக்கு `Pending payment`, எண் வாங்கியவருக்கு `Paid`. ராத்திரி பத்து மணிக்கு `Paid` பட்டியலை எண்ணினால் நோட்டில் உள்ள கடைசி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அன்றே தேடிவிடுவோம்.

இன்ஸ்டாகிராமில் மெசேஜ் போட்டவர்களுக்கு ஒரே பதில், வாட்ஸ்அப் எண். "இங்கேயே சொல்றேனே அக்கா" என்பவர்களுக்கும் அதேதான். கொஞ்சம் கறாராகத் தெரியும், பரவாயில்லை.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 2,300 பேர் இருந்தாலும், ஆர்டரில் பாதிக்கு மேல் வந்தது பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து, வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வழியாக. ஸ்டோரி போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பதிவும் எல்லோர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் பிராட்காஸ்டிலும் ஒரு சிக்கல் உண்டு: நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும், மற்றவர்களுக்கு ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். செப்டம்பரிலேயே அக்கா 2024-இல் வாங்கிய 68 பேருக்கும் தனித்தனியாக எழுதி, எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொன்னாள். 41 பேர் செய்தார்கள்.

முதல் தவணை நிறையவில்லை. 47 பெட்டியோடு நின்றது. 5-ஆம் தேதி இரவு அக்கா, "55-க்கே செஞ்சிடலாம்டா, எட்டுப் பெட்டி எப்படியும் போயிடும்" என்றாள். 2024-இல் அந்தப் பத்துக் கிலோவும் இதே பேச்சில்தான் வந்தது என்று ஞாபகப்படுத்தினேன். 47-உம் கையிருப்பாக மூன்றும் சேர்த்து 50-க்குத்தான் அரிசி வாங்கினோம். 55 என்பது எங்களால் முடிகிற உச்சம், எட்ட வேண்டிய இலக்கு அல்ல. சொல்வதற்கு எளிது. காலியாக இருக்கும் எட்டு இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான்.

இரண்டாவது தவணை நேர்மாறு. 7-ஆம் தேதியே 55-உம் முடிந்துவிட்டது. அதன் பிறகு 31 பேர் கேட்டார்கள். பெரியம்மா, "ராத்திரி கொஞ்சம் உக்காந்தா 20 பெட்டி சுத்திடலாம் பாப்பா" என்றார். அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள், வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குப் பதிலாக அந்த 31 பேருக்கும், ரிப்பன் மட்டும் ஒரு கிலோ 400 ரூபாய் என்று எழுதினோம். அச்சில் பிழிவதை நானே செய்துவிடுவேன், முறுக்கு சுற்றும் கைக்கு அதில் வேலை இல்லை. 14 பேர் முழுப் பணம் கட்டி வாங்கினார்கள்.

அதிரசம் கவிழ்ந்த கதை

எங்கள் திட்டம் தோற்ற இடம் இது. அதிரசத்துக்கு ஈரமாவில் வெல்லப்பாகு ஊற்றிக் கிளறி, மாவை மூன்று நாளாவது புளிக்க வைப்பது அக்காவின் வழக்கம். பாகு பதம் முந்தினால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து போகும், அதைக் கொஞ்சம் மாவு சேர்த்துச் சரிக்கட்டிவிடலாம். பதம் பிந்தினால் அதிரசம் கல்லாகிவிடும். 12-ஆம் தேதி மாவு பிடித்தோம். 15-ஆம் தேதி காலையில் முதல் இரண்டைப் போட்டு எடுத்தபோது, கல்லை அழுத்துவதுபோல் இருந்தது. அன்று பாகு கிண்டும்போது கூரியர் விஷயமாக யாரோ போன் செய்தார்கள் என்று அக்கா அப்புறம் சொன்னாள். ஒரு நிமிஷம் போதும்.

கொஞ்சம் மாவை எடுத்து வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைந்து பார்த்தாள். மெதுவாக வந்தது. ஆனால் பால் சேர்த்தால் நாலு நாள்கூடத் தாங்காது, பெட்டியில் போட்ட தேதிக்குப் பொருந்தாது என்று அதையும் விட்டுவிட்டாள். புது மாவு பிடித்தால் 18-ஆம் தேதிதான் சுட முடியும்.

18 பேரிடமும் பணம் வாங்கியாகிவிட்டது. முன்பணம் வாங்கியவருக்கு இதுதான் பெரிய பாரம். கடையில் சரக்கு இல்லை என்றால் "இல்லை" என்று சொன்னால் போதும். இங்கே தேதி கொடுத்துப் பணமும் வாங்கியிருக்கிறோம். அன்று மதியமே 18 பேரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மூன்று வழி கொடுத்தாள்: 19-ஆம் தேதி ஞாயிறு காலை புது அதிரசம், அல்லது அதே விலைக்கு ரிப்பன், அல்லது பணம் திரும்ப. 11 பேர் ஞாயிறு வரை காத்திருந்தார்கள், ஐந்து பேர் ரிப்பன் வாங்கிக்கொண்டார்கள், இரண்டு பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. 17-ஆம் தேதி வாங்க வந்து நின்றபோது சொல்லியிருந்தால் கதை வேறு.

முறுக்குக்கு ஐந்து பெட்டி கையிருப்பு வைத்ததுபோல அதிரசத்துக்கும் இரண்டு பாக்கெட் வைத்திருந்தோம். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, கெட்டால் மொத்த மாவும் கெடும். அதற்கு மிச்சம் வைக்க வேண்டியது பாக்கெட் அல்ல, மூன்று நாள். 9-ஆம் தேதியே மாவு பிடித்து 12-ஆம் தேதி ஒன்றைச் சுட்டுப் பார்த்திருந்தால், கெட்டிருந்தாலும் மறு மாவுக்கு நேரம் இருந்திருக்கும். மாவுதான் அதற்குள் கெட்டுவிடாதே.

கடைசிக் கணக்கு

முதல் தவணையின் 47 பெட்டியில் கூரியரில் போனவை 26, மற்றவை உள்ளூரிலேயே போயின. மழையில் நனையாமல் பாலித்தீன் உறை போட்டிருந்தோம், ஆனாலும் மூன்று நொறுங்கிப் போய்ச் சேர்ந்தன. கையிருப்பு மூன்றையும் மறுபடி அனுப்பினோம். இரண்டாவது தவணையில் 55-க்கு மேல் இரண்டு கையிருப்பு. இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் வீட்டில் துக்கம், அந்த வருடம் அவர்களுக்குத் தீபாவளி இல்லை. "திரும்பக் கிடைக்காது" என்று எழுதியிருந்தாலும் அந்த 300-ஐ அக்கா அன்றே திருப்பி அனுப்பினாள், சரிதான். மற்றவர் போனே எடுக்கவில்லை, அவர் பணம் நின்றது. அந்த இரண்டு பெட்டியும், பெட்டி கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு 19-ஆம் தேதி போய்விட்டன.

மொத்தம் 107 பெட்டி செய்தோம், செலவு 29,960. பெட்டியில் வந்த வரவு 55,380. நின்றது 25,420. ரிப்பனில் தனியாக 2,520. அதிரசம், கெட்ட மாவையும் சேர்த்துப் பார்த்தால், வரவுக்கும் செலவுக்கும் சரி. மிஞ்சியது இரண்டு பெட்டியும் கொஞ்சம் உடைசலும். ஒன்று பெரியம்மா வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு.

7,680-ஐயும் 25,420-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. விலையும் 60 ரூபாய் ஏறியிருக்கிறது, 102 பெட்டிக்கு அதுவே ஆறாயிரத்துக்கு மேல். 20 கிலோவுக்கு மேல் கூடுதலாகவும் விற்றிருக்கிறாள். மிச்சம்தான் சரக்கு தேங்காததால் வந்தது. பெட்டியை ஒரே அளவாக வைத்ததால் ஒதுங்கிப் போனவர்களும் இருப்பார்கள், முதல் தவணை 47-இல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. இப்போதே ஒரு சிக்கல் தெரிகிறது. இதே இடைவெளியில் போனால் முதல் தவணை அக்டோபர் 24-ஆம் தேதி வாக்கில் மூட வேண்டும், சம்பளம் வருவதோ அதற்கு ஒரு வாரம் கழித்து. மாதக் கடைசியில் கூரியருக்கு முழுப் பணம் கேட்டால் 47-கூட வராது. கூரியருக்கும் முதலில் 300 மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை ஒன்றாம் தேதி வாங்கிய பிறகு அனுப்பலாம் என்கிறாள் அக்கா. மீதி கட்டாதவர் பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று நான் கேட்டிருக்கிறேன். உள்ளூர்க் காத்திருப்புப் பட்டியலுக்கு என்கிறாள். அப்படியென்றால் அந்தப் பட்டியலை அக்டோபர் 24-க்கு முன்னாடியே திறந்து வைக்க வேண்டும். அதை இன்னும் பேசி முடிக்கவில்லை.